டெசிபலை விடுங்க, மணியைப் பாருங்க

போன ஆடி மாசம் மூணாவது வியாழக்கிழமை ராத்திரி எங்க தெருக் கோயில் ஸ்பீக்கர் நின்னது பதினொன்றரைக்கு. மறுநாள் வெள்ளிக்கிழமை அது திரும்பப் பாட ஆரம்பிச்சது விடியற்காலை நாலே முக்காலுக்கு. நடுவுல கிடைச்சது அஞ்சே கால் மணி நேரம். தெருவுல இருக்கிற எல்லாருக்கும் அன்னிக்கு அவ்வளவுதான் தூக்கம்.

எங்க எதிர்வீட்டு அக்கா ஒரு ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ. நர்ஸ். காலை ஆறு மணி ஷிஃப்ட். அன்னிக்குச் சாயந்திரம் என்கிட்ட சொன்னாங்க: "ஊசி மருந்து அளவை இன்னிக்கு ரெண்டு தடவைக்கு மூணு தடவை சரிபார்த்தேன்டா தம்பி. என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல." இதைக் கேட்ட பிறகுதான் இந்த விஷயத்தை நான் சீரியஸா எடுத்துக்கிட்டேன். அதுவரைக்கும், "சென்னைன்னா இப்படித்தான், ஆடின்னா இப்படித்தான்" என்று தலையணையைக் காதில் அமுக்கிக்கிட்டுப் படுக்கிற ஆள்தான் நான்.

உங்க தெருவிலும் இது உண்டு. கோயில் இல்லேன்னா கல்யாண மண்டபம், அது இல்லேன்னா கட்சிக் கூட்டம், இல்லேன்னா பக்கத்து அபார்ட்மென்ட்ல டிசம்பர் 31. நம்மில் பாதிப் பேர் புகாரே செய்யறதில்லை. செய்யற மீதிப் பேரும் தப்பான இடத்தில் தப்பான கேள்வியைக் கேட்கிறோம் என்பதுதான் என் கட்சி. சத்தம் எத்தனை டெசிபல் என்று சண்டை போடாதீங்க. மணி எத்தனை என்று கேளுங்க. அதையும் எழுத்தில், பகலில் கேளுங்க.

முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். எஞ்சினியரிங் பையன் இல்லையா, உடனே போன்ல ஒரு சவுண்ட் மீட்டர் ஆப் போட்டேன். பால்கனியில் நின்று பார்த்தா 78 காட்டியது. பக்கத்தில் நின்ற நண்பன் போன்ல அதே நொடியில் 71. ஏழு டெசிபல் வித்தியாசம் என்றால் ஒலி ஆற்றலில் அஞ்சு மடங்கு. போன் மைக் நாம பேசறதைப் பிடிக்கச் செய்யப்பட்டது. அதை யாரும் அளவுத்திருத்தம் செய்து தரவில்லை. அதோட, விதியில் இருக்கிற அளவு ஒரு நொடியில் ஊசி எங்கே போச்சு என்பதும் இல்லை, ஒரு நேர அளவுக்கான சராசரி. என் ஸ்க்ரீன்ஷாட்டை யார் வேணும்னாலும் ஒரு நிமிஷத்தில் உடைச்சிடலாம்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெருசு. நம்ம விதியில் இருக்கிற டெசிபல், மனிதக் காதுக்கு ஏற்றபடி எடை போட்ட டெசிபல். காதுக்குத் தாழ்ந்த சுருதி குறைவாகக் கேட்கும் என்பதால், அந்தக் கணக்கு பேஸ் சத்தத்தை நிறையக் கழித்துவிடும். 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபல் போயிடும். அதாவது, ஜன்னல் கண்ணாடி அதிர்ற மாதிரி டம் டம்முன்னு வர்ற 80 டெசிபல் பேஸ், மீட்டர்ல வெறும் 50 ஆக நிற்கும். ஆனா சுவர் தடுக்கிறது மேல்சுருதியைத்தான். பேஸ் நேரா உள்ளே வந்துடும். நம்மைத் தூங்கவிடாத பகுதியைத்தான் மீட்டர் குறைச்சுக் காட்டுது. டி.ஜே. சத்தத்தை டெசிபலை வைத்து நிரூபிக்கப் போறவங்க பல சமயம் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகள், 2000. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டது, நாடு முழுக்க ஒண்ணுதான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இந்த எண்கள் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். தெரியாதது 5ஆம் விதியும் 7ஆம் விதியும்.

5ஆம் விதி சொல்றது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒலிபெருக்கி வைக்கணும்னா எழுத்துமூலமான அனுமதி வேணும். பகலோ இரவோ, வாய்வார்த்தை போதாது. ரெண்டு, இரவு நேரத்தில் ஒலிபெருக்கியோ, ஒலி எழுப்பும் கருவியோ, இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. விதிவிலக்கு, மூடிய அரங்குக்குள் உள்ளே இருக்கிறவங்களுக்குக் கேட்கிறதுக்காகவும், பொது அவசர நிலைக்காகவும் மட்டும். ஆக, ஸ்பீக்கர் மட்டும் இல்லை, ராத்திரி பதினொரு மணிக்குப் பேண்டு செட்டும் இதில் மாட்டும். வெடிக்கும் தனியா 5ஏ என்று ஒரு விதி இருக்கு. சத்தம் எழுப்பும் பட்டாசு இரவில் வெடிக்கக் கூடாது.

இரவு என்றால் எது? பத்து மணி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனா அது முடியறது எப்போ? காலை ஆறு மணிக்கு. எங்க தெருவில் நாலே முக்காலுக்குப் போட்ட பாட்டு, சட்டத்தின் கண்ணில் நடுராத்திரி பாட்டுதான். இது எங்க தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இப்போ 7ஆம் விதி. யார், எப்போ புகார் கொடுக்கலாம் என்று சொல்றது இதுதான். முதலில் எழுதினபோது, சத்தம் நிர்ணயித்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ போனால் புகார் கொடுக்கலாம் என்று மட்டும்தான் இருந்தது. அதாவது, அளந்து காட்டற பாரம் நம்ம தலையில். 2010இல் ஒரு திருத்தம் வந்து, இரவு நேரக் கட்டுப்பாடு மீறப்பட்டாலே புகார் கொடுக்கலாம் என்று சேர்த்தாங்க. இந்த ஒரு வரிதான் நம்ம ஆயுதம். ராத்திரி 10:20க்கு திறந்தவெளியில் ஸ்பீக்கர் ஓடுது என்றால் அது மீறல். 46 டெசிபலா 86 டெசிபலா என்ற பேச்சுக்கே இடமில்லை. மீட்டர் வேண்டாம், கைக்கடிகாரம் போதும்.

"திருவிழான்னா பன்னிரண்டு வரைக்கும் அனுமதி உண்டு தம்பி" என்று யாராவது சொல்வாங்க. பாதி உண்மை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காகப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். ஆனா வருஷத்துக்கு மொத்தமே 15 நாளுக்கு மேல் கூடாது. அந்த நாட்களை அரசு முன்கூட்டியே குறிப்பிடணும். 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவா சொல்லிடுச்சு: இந்த அதிகாரம் மாநில அரசோடது, அதைக் கீழே இருக்கிறவங்களுக்குக் கைமாற்ற முடியாது. அதனால, "ஸ்டேஷன்ல சொல்லி வாங்கிட்டோம்" என்பது பன்னிரண்டு மணி வரைக்கான அனுமதி ஆகாது. "எந்த அரசாணை, எந்தத் தேதி?" என்று கேளுங்க. பன்னிரண்டைத் தாண்டறதுக்கும், காலை ஆறுக்கு முன்னாடி ஆரம்பிக்கிறதுக்கும் அந்தத் தளர்விலும் இடமில்லை.

இப்போ எங்க தெருக் கதைக்கு வர்றேன். அந்த வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு நான் 100க்கு போன் பண்ணினேன். (112உம் அதே வேலை செய்யும்.) இருபது நிமிஷத்தில் ரோந்து வண்டி வந்தது. குறை சொல்ல முடியாது. ஒரு காவலர் இறங்கி, "சத்தத்தைக் குறைங்கப்பா" என்றார். குறைச்சாங்க. வண்டி முனை திரும்பியதும் ஏத்தினாங்க. அதோட, "போன் பண்ணது யாரு?" என்று தெருவிலேயே சத்தமா கேட்டுட்டுப் போனார். மறுநாள் டீக்கடையில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லணுமா?

இதில் அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்தது ஒரு போன் தகவல் மட்டும். முன்னாடி முந்நூறு பேர் கூடியிருக்கும்போது ராத்திரி பதினொரு மணிக்கு ஒயரைப் பிடுங்க ரெண்டு பேரால் முடியாது. அந்த நேரத்தில் பிரச்சினை பண்ணாம போறதுதான் அவர் வேலை. ராத்திரி போன் அன்னிக்கு ராத்திரிக்கு மட்டும்தான், அதுவும் அரைகுறையா.

நிஜமா வேலை செஞ்சது அடுத்த திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். "பெறுநர்" எந்தப் பக்கம் வரும் என்பதே எங்க ஆயா சொல்லித்தான் தெரியும். அதனால, எங்க கடிதத்தின் நடுப்பகுதியை அப்படியே தர்றேன், உங்களுக்கு உதவும்:

"எங்கள் தெருவில் கோயில் விழாவுக்காக வைக்கப்பட்டுள்ள ஒலிபெருக்கிகள் கீழ்க்கண்ட நாட்களில் இரவு 10 மணிக்குப் பின்னரும் காலை 6 மணிக்கு முன்னரும் இயக்கப்பட்டன. இது ஒலி மாசு விதிகள், 2000இன் 5(2) விதிக்கு மாறானது. 7ஆம் விதியின் கீழ் இப்புகாரை அளிக்கிறோம். இவ்விழாவுக்கு 5(1) விதியின்படி எழுத்துமூல அனுமதி வழங்கப்பட்டிருந்தால் அதன் நிபந்தனைகளைத் தெரிவிக்கவும், வரும் நாட்களில் இரவு நேரத்தில் ஒலிபெருக்கி இயங்காமல் இருக்க 8ஆம் விதியின் கீழ் நடவடிக்கை எடுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். விழா நடைபெறுவதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை."

இதுக்குக் கீழே ஒரு அட்டவணை: தேதி, ஆரம்பித்த மணி, நின்ற மணி. நாலு நாள் விவரம். கூடவே பால்கனியில் இருந்து எடுத்த ரெண்டு வீடியோ. வீடியோவில் முதலில் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பிறகு கட் பண்ணாமல் தெருப் பக்கம் திருப்பினேன். கீழே பதினொரு வீட்டுக் கையெழுத்து. இதுதான் ரொம்ப முக்கியம். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டா, "யாரு போன் பண்ணது?" என்ற கேள்விக்கு அர்த்தமே போயிடும். முதல் கையெழுத்து நர்ஸ் அக்கா. விழாக் கமிட்டியில் இருக்கிறவர் வீட்டு அத்தையும் போட்டாங்க, அவங்க பேரன் பத்தாவது படிக்கிறான்.

எழுதினது சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டருக்கு. நகல் உதவி ஆணையருக்கும் ஆணையர் அலுவலகத்துக்கும். காரணம் இருக்கு. விதியில் "அதிகாரி" என்றால் மாவட்ட ஆட்சியர், போலீஸ் கமிஷனர், அல்லது டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத நியமிக்கப்பட்ட அதிகாரி. நிறுத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு போடற 8ஆம் விதி அதிகாரம் அவங்களுக்குத்தான். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தர்ற அறிக்கையை வைத்து அவங்க உத்தரவு போடலாம். நகல் போகலேன்னா கடிதம் ஸ்டேஷன் மேஜையிலேயே தூங்கும். கொடுத்துட்டு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீங்க. "பார்த்துக்கறோம் தம்பி" என்பது ரசீது இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதலாமே என்பீங்க. பகல் நேரச் சத்தத்துக்கு எழுதுங்க. பொது இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கி, அந்த இடத்தின் எல்லையில் பகுதியின் அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் அது 65. அதனால "பத்து மணி வரைக்கும் எவ்வளவு வேணும்னாலும் வெக்கலாம்" என்பது பொய். ஆனா அதை நிரூபிக்க ஒழுங்கான மீட்டரும் அளக்கத் தெரிந்த ஆளும் வேணும், அது வாரியத்திடம் இருக்கு. ராத்திரி வந்து நிறுத்தறது அவங்க வேலை இல்லை.

அளவீட்டிலும் ஆச்சரியம் காத்திருக்கும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலை பக்கம் இருந்த ஒரு சர்ச்சின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் பற்றி கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நடுவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தபோது, சத்தத்துக்கு நெடுஞ்சாலை வண்டிகளும் காரணம் என்று அறிக்கை வந்தது. சர்ச் தரப்பு அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. கடைசியில் 2000 ஆகஸ்ட்டில் வந்த தீர்ப்பு குடியிருப்போர் பக்கம்தான். அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யச் சொல்லி எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். ஆனா, டெசிபல் பாதையில் போனால் எதிர்தரப்புக்கு எவ்வளவு இடம் கிடைக்குது பாருங்க. மணிக்கு அந்த மாதிரி சாக்கு கிடையாது.

ஊர்வலம் கொஞ்சம் வேற மாதிரி. ஒரு லாரி நிறைய ஸ்பீக்கரும் ஜெனரேட்டருமா உங்க தெருவைக் கடக்கப் பத்து நிமிஷம். நீங்க போன் பண்ணி வண்டி வர்றதுக்குள்ள அது அடுத்த வட்டத்துக்குப் போயிருக்கும். அதனால ஊர்வலத்துக்குப் புகார் நடக்கும்போது இல்லை, நடக்கறதுக்கு முன்னாடி. சென்னையில் ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி வேணும். அந்த அனுமதியில் பாதை, நேரம், நிபந்தனை எல்லாம் இருக்கும். கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்பது நம்ம ஊர் அனுமதிகளில் வழக்கமா வர்ற நிபந்தனை. போன வருஷம் நடந்ததைத் தேதி, மணி, லாரி எண்ணோட எழுதி, இந்த வருஷம் அனுமதி கொடுக்கும்போது பத்து மணிக்குள் முடிக்கணும்னு நிபந்தனை போடச் சொல்லுங்க. நிபந்தனை என்னன்னு யாரும் சொல்லலேன்னா, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அனுமதி நகல் கேளுங்க. 30 நாளில் பதில் வரணும். இந்த வருஷத்துக்கு உதவாது, அடுத்த வருஷத்துக்கு அதுதான் அடித்தளம். பகலில் அரை மணி நேரம் பறையோட போற சாவு ஊர்வலத்துக்கு நான் புகார் எழுத மாட்டேன். யாரோ ஒருத்தர் வீட்டில் இழவு. எல்லாத்துக்கும் விதி எண்ணைத் தூக்கிக்கிட்டு ஓடணும்னு நான் சொல்லவே இல்லை.

இங்கே ஒரு நேர்மையான கேள்வியையும் கேட்டுக்கணும். நாம யார் மேல் புகார் கொடுக்கிறோம்? தெருக் கோயில் கூழ் ஊத்தும்போது ஆப்பைத் திறக்கிற அபார்ட்மென்ட்காரர், தன் கிளப் ஹவுஸ் புத்தாண்டு டி.ஜே.வுக்கு வாயைத் திறக்கமாட்டார். விதிக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. தனியார் இடத்தின் சவுண்ட் சிஸ்டம், அந்த இடத்தின் எல்லையில் 5 டெசிபல்தான் கூடுதலா போகலாம். மூடிய மண்டபம் என்ற விதிவிலக்கு, உள்ளே இருக்கிறவங்களுக்குக் கேட்கிறதுக்குத்தான். கதவைத் திறந்து வெச்ச மண்டபமும், புல்வெளியில் போட்ட ஷாமியானாவும் மூடிய அரங்கு ஆகாது.

அப்புறம் நாம. ரெண்டாவது வருஷம் படிக்கும்போது ஒரு கல்ச்சுரல்ஸ்ல சவுண்ட் கன்சோல் பக்கத்தில் நின்ற வாலண்டியர் நான். திறந்தவெளி மேடை. மணி பதினொன்றரை. மதிலுக்கு அந்தப் பக்கம் வீடுகள். ஒரு பெரியவர் கேட்டுக்கு வந்து செக்யூரிட்டிகிட்ட ஏதோ சொல்லிட்டு இருந்தார். நாங்க சிரிச்சோம். "ஒன் மோர், ஒன் மோர்" என்று கத்தினோம். அவர் வீட்டில் யார் இருந்தாங்க, காலையில் யாருக்கு ஷிஃப்ட் என்று எங்களில் ஒருத்தரும் யோசிக்கல. அடுத்த கல்ச்சுரல்ஸ் கமிட்டியில் இருக்கப்போற ஜூனியர்ஸ் இதைப் படிச்சா, ஷெட்யூல்ல டி.ஜே.வை ஏழரைக்குப் போடுங்க. கடைசி ஐட்டமா போட்டா அது பத்தைத் தாண்டும். எப்பவும் தாண்டும்.

கடிதம் கொடுத்த மூணாவது நாள், இன்ஸ்பெக்டர் விழாக் கமிட்டியைக் கூப்பிட்டுப் பேசினார். நாலாவது வெள்ளிக்கிழமை பாட்டு 6:05க்கு ஆரம்பிச்சது. ராத்திரி ஒரு நாள் மட்டும் 10:20 ஆச்சு, அதையும் அட்டவணையில் எழுதி வெச்சிருக்கேன். எல்லாமே இவ்வளவு சுலபமா முடியாது. முடியலேன்னா, பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.விடம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் மனு, அதுக்கும் மேல் உயர் நீதிமன்றம். அங்கே போகும்போதும் கையில் இருக்க வேண்டியது இதே சி.எஸ்.ஆர். ரசீதும் இதே அட்டவணையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் வாங்கப் போனேன். கொஞ்சம் பயத்தோடதான். கமிட்டி அண்ணன் சொம்பில் ஊத்திக்கிட்டே சொன்னார்: "காலையில ஆறு மணி வரைக்கும் ராத்திரின்னு எனக்கே தெரியாதுப்பா. நேரா வந்து சொல்லியிருக்கலாம்ல?" அவர் சொன்னதும் நியாயம்தான். கடிதம் எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிப் பாருங்க. நான் போகல. போயிருந்தா ஒருவேளை அக்காவுக்கு ரெண்டு வாரத் தூக்கம் முன்னாடியே கிடைச்சிருக்கும்.